டொமினியன்: காசை எறிபவர் ஏன் ஜெயிக்கிறார்?

*"டொமினியன் விளையாடும்போது நான் ஒவ்வொரு முறையும் வாங்க முடிந்ததில் நல்ல சீட்டாகப் பார்த்து வாங்கிச் சேர்க்கிறேன். என் நண்பர் ஆரம்பத்திலேயே சாப்பல் வாங்கி, கையில் இருக்கும் காசுச் சீட்டையே ஆட்டத்தை விட்டு வெளியே எறிகிறார். நாலைந்து சுற்று வரை என்னைவிடப் பின்தங்கித்தான் தெரிகிறார். அப்புறம் திடீரென்று வரிசையாக ப்ராவின்ஸ் வாங்கி ஜெயித்துவிடுகிறார். பணத்தை எறிந்தால் எப்படிப் பணம் கூடும்?"*

கூடுவதில்லை. உங்கள் நண்பரின் சீட்டுக்கட்டில் இருக்கும் மொத்தப் பணம் உங்களுடையதைவிடக் குறைவுதான். ஆனால் இந்த ஆட்டத்தில் கட்டில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. ஒரு முறைக்கு ஐந்து சீட்டு கைக்கு வருகிறது. அந்த ஐந்தில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு.

விளையாடிப் பார்க்காதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் ஆட்டத்தின் எலும்புக்கூட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். டொனால்ட் எக்ஸ். வக்கரினோ வடிவமைத்து 2008-ல் வந்த டொமினியன்தான், ஆடிக்கொண்டே அவரவர் சீட்டுக்கட்டைக் கட்டிச் சேர்க்கும் இந்த வகை ஆட்டங்களுக்கு முன்மாதிரி. எல்லோரும் ஒரே பத்துச் சீட்டோடு தொடங்குவார்கள்: ஒவ்வொன்றும் 1 காசு தரும் காப்பர் 7, காசு எதுவும் தராமல் முடிவில் 1 புள்ளி மட்டும் தரும் எஸ்டேட் 3. ஒவ்வொரு முறையும் ஐந்து சீட்டு எடுத்து, அதில் உள்ள காசுக்கு மேசையில் இருந்து ஒரு சீட்டு வாங்கலாம். வாங்கியதும், கையில் இருந்ததும், விளையாடியதும் எல்லாமே உங்கள் டிஸ்கார்ட் குவியலுக்குப் போகும். எடுக்கும் குவியல் தீர்ந்ததும் டிஸ்கார்டைக் கலைத்துப் போட்டு அதிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். சில்வர் (விலை 3) 2 காசும், கோல்டு (விலை 6) 3 காசும் தரும். ப்ராவின்ஸின் விலை 8. காசு தராது, 6 புள்ளி தரும். ப்ராவின்ஸ் தீர்ந்தாலோ வேறு ஏதாவது மூன்று குவியல்கள் காலியானாலோ ஆட்டம் முடியும்.

ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு இடத்தில் இடறும். ரம்மியில் வேண்டாத சீட்டைக் கீழே போட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. இங்கே டிஸ்கார்ட் செய்த சீட்டு போய்விடவில்லை, அடுத்த கலைப்பில் திரும்பி உங்கள் கைக்கே வரும். வேண்டாத சீட்டு உண்மையிலேயே ஒழிய வேண்டுமென்றால் அதை ட்ராஷ் செய்ய வேண்டும். அதற்கென்று தனிச் சீட்டுகள் உண்டு. அவற்றில் பெயர்பெற்றது சாப்பல்: விலை வெறும் 2, விளையாடினால் கையில் இருப்பதில் நான்கு சீட்டு வரை ட்ராஷ் செய்யலாம். காசு தராது, கூடுதல் சீட்டு எடுக்க விடாது, வேறு எந்த வேலையும் செய்யாது. முதல்முறை பார்ப்பவர்கள் இதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ப்ராவின்ஸ் வாங்க 8 காசு வேண்டும், கையில் ஐந்து சீட்டு. அதாவது சீட்டுக்குச் சராசரி 1.6 காசு. தொடக்கக் கட்டின் சராசரி 0.7. இந்த இடைவெளியைத் தாண்ட இரண்டே வழிகள்தான். ஒன்று, 1.6-க்கு மேலே உள்ள சீட்டைச் சேர்ப்பது. நீங்கள் செய்வது இது. இன்னொன்று, 1.6-க்குக் கீழே உள்ள சீட்டை நீக்குவது. உங்கள் நண்பர் செய்வது இது.

சேர்ப்பது மட்டுமே போதுமா என்று பாருங்கள். பத்துச் சீட்டையும் அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் கோல்டாக மட்டும் வாங்கிப்போட்டால், சராசரி 1.6-ஐத் தாண்ட ஏழு கோல்டு வேண்டும். ஆறு கோல்டு சேர்த்தாலும் 16 சீட்டில் 25 காசு, சராசரி 1.56. ஏழு முறை 6 காசு கையில் வந்தால்தான் அது நடக்கும். அதற்குள் ஆட்டம் பாதியைத் தாண்டியிருக்கும்.

இந்தக் கணக்கில் காப்பரின் இடத்தைக் கவனியுங்கள். எஸ்டேட்டை எறிவது யாருக்கும் எளிதில் புரியும், அது 0. காப்பர் 1 காசு தருகிறதே, அதை ஏன் எறிய வேண்டும்? ஏனென்றால் சராசரி 1.6 தேவைப்படும் கையில் 1 என்பதும் பள்ளம்தான். காப்பர் வந்து உட்கார்ந்த இடத்தில் ஒரு கோல்டு வந்திருக்கலாம். காப்பரின் உண்மையான விலை, அது பிடித்துக்கொள்ளும் அந்த இடம்.

சராசரியோடு நின்றால் பாதி விஷயம்தான். மீதிப் பாதியைப் பார்க்க இரண்டு பேரின் கட்டுகளை எடுத்துக்கொள்வோம். நீங்கள் முதல் இரண்டு முறையிலும் சில்வர் வாங்கினீர்கள், பிறகு இன்னொரு சில்வரும் இரண்டு கோல்டும் சேர்த்தீர்கள். உங்களிடம் 15 சீட்டு: காப்பர் 7, எஸ்டேட் 3, சில்வர் 3, கோல்டு 2. மொத்தம் 19 காசு. நண்பர் ஒரு சில்வருக்குப் பதில் சாப்பல் வாங்கினார். அவரிடமும் கோல்டு 2, ஆனால் சில்வர் 2-தான். எதையும் ட்ராஷ் செய்யாவிட்டால் அவர் கதை உங்களுடையதைவிட மோசம்.

கலைத்த கட்டில் இருந்து ஐந்து எடுத்தால் 8 காசோ அதற்கு மேலோ கிடைக்க உங்களுக்கு உள்ள வாய்ப்பு 25 சதவீதத்தைச் சற்றே தாண்டும். நாலு கைக்கு ஒரு ப்ராவின்ஸ்.

நண்பர் மூன்று எஸ்டேட்டை மட்டும் எறிந்திருந்தால் அவரிடம் 12 சீட்டு, 17 காசு. சாப்பலே ஒரு செத்த சீட்டாக அதில் கிடக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாய்ப்பு 40 சதவீதம். அதோடு நான்கு காப்பரையும் எறிந்தால் 8 சீட்டு, 13 காசு. வாய்ப்பு 64 சதவீதம். மிச்சமுள்ள மூன்று காப்பரையும் எறிந்துவிட்டால் அவரிடம் இருப்பது சில்வர் 2, கோல்டு 2, சாப்பல் 1, ஆக ஐந்தே சீட்டு. ஒவ்வொரு முறையும் அந்த ஐந்தும் கைக்கு வரும், ஒவ்வொரு முறையும் 10 காசு. நூறு சதவீதம்.

மொத்தப் பணம் 17, 13, 10 என்று இறங்கிக்கொண்டே போகிறது. ப்ராவின்ஸ் வாங்கும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகிறது. உங்களிடம் 19 காசு இருந்தும் நாலில் மூன்று முறை கை விரிக்கிறீர்கள்.

இப்போது ஒவ்வொரு கட்டிலும் வரக்கூடிய மிக மோசமான கையையும் மிக நல்ல கையையும் பாருங்கள். உங்கள் 15 சீட்டுக் கட்டில் மோசமான கை மூன்று எஸ்டேட்டும் இரண்டு காப்பரும், வெறும் 2 காசு. நல்ல கை இரண்டு கோல்டும் மூன்று சில்வரும், 12 காசு. நண்பரின் 8 சீட்டுக் கட்டில் மோசமான கைக்கு 5 காசு, நல்ல கைக்கு 11. ஐந்து சீட்டுக் கட்டில் மோசமும் நல்லதும் ஒன்றே, 10. கட்டு மெலிய மெலியக் கீழ்ப்பக்கம் மேலே வருகிறது, மேல்பக்கம் கீழே இறங்குகிறது.

மேல்பக்கம் இறங்குவது நஷ்டம்போலத் தெரியும், ஆனால் இல்லை. இந்த ஆட்டத்தில் மிச்சக் காசைச் சேர்த்துவைக்க முடியாது. முறை முடிந்ததும் செலவழிக்காத காசு போச்சு. ஒரு முறைக்கு ஒன்றுதான் வாங்கலாம் என்பதால், கூடுதலாக வாங்க அனுமதி தரும் சீட்டு கையில் இல்லாதவரை, 12 காசுக்கும் 8 காசுக்கும் கிடைப்பது ஒரே ப்ராவின்ஸ். 7 காசுக்குக் கிடைப்பதோ ஒரு கோல்டு, 2 காசுக்குக் கிடைப்பது எதுவுமில்லாததற்குச் சமம். உங்களுக்கு 12 வந்த கையின் அந்த உபரி நாலு காசு, 4 வந்து தவித்த கைக்கு உதவப்போவதில்லை. அதனால்தான் ஒருமுறை 12, மறுமுறை 4 என்று வருபவரைவிட இரண்டு முறையும் சரியாக 8 எடுப்பவர் இரு மடங்கு புள்ளி எடுக்கிறார். இருவரின் சராசரியும் ஒன்றுதான்.

கட்டு சிறிதானால் அலைச்சல் ஏன் குறைகிறது என்பதும் நேரடியானது. 15-ல் ஐந்து எடுத்தால் மூன்றில் ஒரு பங்கைத்தான் பார்க்கிறீர்கள், பத்துச் சீட்டு கண்ணில் படாமல் கிடக்கிறது. அந்தப் பத்துக்குள் இரண்டு கோல்டும் ஒளிந்துகொள்ள நிறைய இடம் உண்டு. எட்டில் ஐந்து எடுத்தால் வெளியே நிற்பது மூன்றே சீட்டு. கெட்ட நேரத்துக்கு வேலை செய்ய இடமே கொஞ்சம்தான்.

வேகமும் இதில் சேர்கிறது. 15 சீட்டுக் கட்டில் இன்று வாங்கிய கோல்டு, கட்டு முழுக்கச் சுற்றி வந்து கலைக்கப்பட்ட பிறகுதான் கைக்கு வரும். ஒரு சுற்றுக்கு மூன்று முறை. 8 சீட்டுக் கட்டில் ஒன்றிரண்டு முறைக்குள் அது கையில் இருக்கும். ஒரே கோல்டுக்கு ஒரே விலை கொடுத்தும், மெலிந்த கட்டு வைத்திருப்பவர் அதை ஏறத்தாழ இரு மடங்கு முறை பயன்படுத்துகிறார்.

சரி, இதெல்லாம் எறிந்து முடித்த பிறகான நிலைமை. எறியும் வேலைக்கும் முறைகள் செலவாகிறதே? அங்கேதான் நீங்கள் பார்த்த அந்தப் பின்தங்கல் வருகிறது. ஒரு ஆட்டத்தை முறைவாரியாகவே ஓட்டிக் காட்டுகிறேன். மேசையில் சாப்பலோடு லேபரட்டரியும் (விலை 5, இரண்டு சீட்டு எடுக்கலாம், சாப்பல்போல வேலை செய்யும் ஆக்‌ஷன் சீட்டு இன்னொன்றும் விளையாடலாம்) மார்க்கெட்டும் (விலை 5, ஒரு சீட்டு, ஒரு ஆக்‌ஷன், கூடுதலாக ஒன்று வாங்கும் அனுமதி, 1 காசு) இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை நாலு காப்பர், ஒரு எஸ்டேட். சில்வர் வாங்குகிறார். இரண்டாம் முறை மூன்று காப்பர், இரண்டு எஸ்டேட். சாப்பல். தொடக்கம் இப்படி 4-3 என்று பிரிவதற்கான வாய்ப்பு ஆறில் ஐந்து. மிச்சம் 5-2 என்று வரும், அதுவும் சாப்பலுக்கு நல்லதே, 5-க்கு லேபரட்டரியும் 2-க்குச் சாப்பலும் வாங்கிவிடலாம்.

இப்போது 12 சீட்டு கலைக்கப்படுகிறது. அடுத்த இரண்டு முறையில் பத்துச் சீட்டைப் பார்ப்பார், ஆக சாப்பல் அதற்குள் வர ஆறில் ஐந்து வாய்ப்பு. மூன்றாம் முறை சாப்பல், இரண்டு எஸ்டேட், இரண்டு காப்பர் வந்தது என்று வைப்போம். நான்கையும் எறிகிறார். கையில் காசு இல்லை, எதுவும் வாங்கவில்லை. நீங்கள் அந்த முறை சில்வரோ அதைவிட நல்லதோ வாங்கியிருப்பீர்கள். நான்காம் முறை சில்வர், மூன்று காப்பர், ஒரு எஸ்டேட். 5 காசு, லேபரட்டரி வாங்குகிறார்.

ஐந்தாம் முறை, மிச்சமிருந்த இரண்டு காப்பரோடு, கலைத்த குவியலில் இருந்து சாப்பலும் கடைசி எஸ்டேட்டும் இன்னொரு காப்பரும் வருகின்றன. இங்கேதான் ஆட்டம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம். நாலு சீட்டு எறியலாம் என்றால் நாலையும் எறியத்தான் கை போகும். எஸ்டேட்டும் மூன்று காப்பரும் போனால் அவரிடம் மிஞ்சுவது காப்பர் 2, சில்வர் 1, லேபரட்டரி, சாப்பல். அழகான ஐந்து சீட்டு, ஒவ்வொரு முறையும் நிச்சயமாக 4 காசு. நிச்சயமாக நாலு காசு என்றால், நிச்சயமாக லேபரட்டரியும் மார்க்கெட்டும் வாங்க முடியாது என்று பொருள். விவரம் தெரிந்தவர் எஸ்டேட்டையும் இரண்டு காப்பரையும் மட்டும் எறிந்து, ஒரு காப்பரை விட்டுவைப்பார். காப்பர் 3, சில்வர் 1 சேர்ந்து 5 காசு. அவருக்கு அடுத்துத் தேவைப்படும் விலையும் 5.

ஆறு சீட்டாயிற்று. ஆறாம் முறை ஐந்து சீட்டு எடுத்தார், லேபரட்டரி கையில் இருந்தது, மிச்சமுள்ள ஒன்றையும் எடுத்தார். முழுக் கட்டும் கையில், 5 காசு, மார்க்கெட் வாங்கினார். ஏழாம் முறை ஏழு சீட்டு. லேபரட்டரியும் மார்க்கெட்டும் இரண்டுமே முதல் ஐந்தில் வராமல் போக வாய்ப்பு 21-ல் ஒன்றுதான். மற்றபடி 6 காசு உறுதி. கோல்டு. எட்டாம் முறை எட்டுச் சீட்டு, எல்லாம் சேர்ந்தால் 9 காசு. 8-ஐ எட்டும் வாய்ப்பைக் கணக்கிட்டுப் பார்த்தேன், 85 சதவீதம் வருகிறது.

மூன்றாம் முறையிலும் ஐந்தாம் முறையிலும் ஒன்றும் வாங்காமல் இருந்தவர், எட்டாம் முறை ப்ராவின்ஸ் வாங்கும் நிலைக்கு வந்துவிட்டார். அதைவிட முக்கியம், ஆறாம் முறைக்குப் பிறகு அவருக்கு என்ன வரும் என்பது ஏறக்குறைய முன்பே தெரியும். என்ன வரும் என்று தெரிந்தால் என்ன வாங்குவது என்று திட்டமிடலாம். லேபரட்டரியும் மார்க்கெட்டும் ஒன்றை ஒன்று இழுத்து வருவதும் கட்டு சிறியதாக இருப்பதால்தான். உங்கள் 15 சீட்டுக் கட்டில் லேபரட்டரி எடுத்துத் தரும் இரண்டு சீட்டும் பெரும்பாலும் காப்பராகவும் எஸ்டேட்டாகவும்தான் இருக்கும்.

கொஞ்சம் நல்ல ஓட்டமாகத்தான் எடுத்துக்கொண்டேன், மறுக்கவில்லை. ஆறில் ஒரு முறை சாப்பல் ஐந்தாம் முறைதான் முதன்முதலாக வரும், அப்போது எல்லாம் ஓரிரு முறை தள்ளிப்போகும். அதற்கு பயந்து இரண்டு சாப்பல் வாங்குவார்கள் சிலர். வேண்டாம். எறிந்து முடித்த பிறகு அந்த இரண்டுமே செத்த சீட்டு. ஒன்றை வைத்து இன்னொன்றை எறியலாமே என்றால், அதற்கு அவை ஒரே கையில் சேர்ந்து வர வேண்டும். விளையாடிய சாப்பல் கையில் இல்லாததால் தன்னைத்தானே எறிந்துகொள்ளவும் முடியாது.

இன்னொரு தயக்கம் எஸ்டேட்டின் புள்ளியைப் பற்றியது. மூன்று எஸ்டேட்டையும் எறிந்தால் 3 புள்ளி போகிறதே என்பார்கள். போகிறதுதான். ஒரு ப்ராவின்ஸ் 6 புள்ளி. ஆட்டம் முழுக்க ஒரே ஒரு ப்ராவின்ஸ் கூடுதலாக வாங்கினாலே அந்த மூன்றும் ஈடாகி மேலே மூன்று மிஞ்சும்.

இனி உங்கள் நண்பர் எங்கே தோற்கலாம் என்பதைச் சொல்கிறேன், அது உங்களுக்கு உபயோகப்படும்.

ப்ராவின்ஸும் ஒரு செத்த சீட்டுதான். வாங்கும் கணத்தில் அது உங்கள் கட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. முன்பு சொன்ன அந்த ஐந்து சீட்டு, 10 காசுக் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ப்ராவின்ஸ் வாங்கியதும் ஆறு சீட்டு. அடுத்த கையில் ஏதோ ஒன்று விடுபடும். விடுபட்டது கோல்டாக இருந்தால் 7 காசு, ப்ராவின்ஸ் இல்லை. மூன்றில் ஒரு முறை இப்படி ஆகும். இரண்டாவது ப்ராவின்ஸ் வந்தால் இன்னும் திணறும். மெலிந்த கட்டில் ஒவ்வொரு செத்த சீட்டும் பெரிதாக உறைக்கும். ஐந்தில் ஒன்று என்பது இருபது சதவீதம் இல்லையா.

இருவர் ஆட்டத்தில் எட்டு ப்ராவின்ஸ். அதில் ஐந்தாவது எடுக்க வேண்டுமென்றால், முதல் ப்ராவின்ஸைப் பிடிப்பதற்கு அவசரப்படாமல் கட்டைத் தாங்கும்படி செய்துகொள்ள வேண்டும். லேபரட்டரி தன் இடத்தை நிரப்பி மேலே ஒன்று கூடுதலாகத் தருகிறது. ஆக ஒரு லேபரட்டரி ஒரு ப்ராவின்ஸின் சுமையைத் தாங்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 8 காசு முதல்முறை வந்ததும் பாய்ந்து ப்ராவின்ஸ் வாங்காமல் இன்னும் ஓரிரு லேபரட்டரியோ கோல்டோ சேர்ப்பவரைக் கண்டால் பயப்படுங்கள். உடனே பாய்பவரைத் துரத்திப் பிடிக்கலாம்.

கட்டு அளவுக்கு மீறி மெலிந்ததற்கும் அடையாளம் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே காசு வருகிறது, அந்தக் காசு எதற்கும் போதவில்லை, 3 காசில் சில்வராக வாங்கி மறுபடி கட்டை நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால் காப்பரை அளவுக்கு மேல் எறிந்தாயிற்று. எறியும்போதெல்லாம் ஒரு கேள்வி போதும்: இதற்குப் பிறகு என் முழுக் கட்டிலும் எத்தனை காசு மிஞ்சும், அது அடுத்து நான் வாங்க நினைப்பதன் விலையைத் தொடுமா? தொடாது என்றால் கையை நிறுத்துங்கள். எஸ்டேட்டுக்கு மட்டும் இந்த யோசனை தேவையில்லை, அதை முதலில் எறியலாம்.

மறுபக்கம், அரைகுறையாக எறிவதும் அதே அளவு கெடுதி. மூன்றாம் முறை சாப்பல் வந்தபோது கூடவே சில்வரும் மூன்று காப்பரும் இருந்தால், 5 காசுக்கு ஏதாவது வாங்கலாமே என்ற சபலத்தில் சாப்பலை விளையாடாமல் விடுவார்கள். அப்படி இரண்டு முறை விட்டால் எட்டாம் முறையில்தான் கட்டு மெலியத் தொடங்கும், அதற்குள் காலம் கடந்திருக்கும். எறிவதன் பலன் பின்னால் வரும் ஒவ்வொரு கையிலும் கிடைப்பது. எத்தனை கை மிச்சமிருக்கிறதோ அத்தனை பலன். அதனால் அது தொடக்கத்து வேலை. கடைசி மூன்று நான்கு முறைகளில் காப்பரை எறிந்துகொண்டிருப்பவர் வீட்டைக் காலி செய்யும் நாளில் வெள்ளையடிக்கிறார்.

மேசையைப் பார்த்தும் முடிவு மாறும். டொமினியனில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பத்து வகை கிங்டம் சீட்டுகளைத்தான் தேர்ந்தெடுத்து வைப்பார்கள் (முதல் பதிப்பில் மொத்தம் 25 வகை இருந்தன), ஆக சாப்பல் இல்லாத ஆட்டமே அதிகம். மனிலெண்டர் (விலை 4) இருந்தால், ஒரு காப்பரை எறிந்து அதே முறையில் 3 காசு தரும். மெதுவாகத்தான் மெலியும், ஆனால் எறியும் முறையிலும் வாங்க முடியும். எஸ்டேட்டை அது தொடாது. விட்ச் இருந்தால் எதிராளிகள் உங்கள் கட்டில் கர்ஸ் சீட்டைத் திணித்துக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு புள்ளி குறைக்கும், காசும் தராது. அப்போது சாப்பலுக்கு ஆட்டம் முழுக்க வேலை உண்டு, இரண்டாவது சாப்பல்கூட நியாயமாகலாம்.

எறியவே கூடாத ஆட்டமும் இருக்கிறது. கார்டன்ஸ் என்ற சீட்டு (விலை 4) உங்கள் கட்டில் உள்ள ஒவ்வொரு பத்துச் சீட்டுக்கும் ஒரு புள்ளி தரும். அதை நம்பி ஆடுபவர் காப்பரைக்கூட வாங்கிச் சேர்ப்பார், கூடுதலாக வாங்க அனுமதி தரும் சீட்டுகளைத் தேடுவார், மூன்று குவியல்களைக் காலி செய்து ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பார். அவருக்குச் சீரான 8 காசு தேவையே இல்லை; 4 காசு போதும், 4 காசு கொழுத்த கட்டிலும் சாதாரணமாக வரும். உங்கள் நண்பர் சாப்பலோடு தொடங்கும் ஆட்டத்தில் மேசையில் கார்டன்ஸ் கிடந்தால், அவருடைய கட்டு தயாராகும் முன்பே குவியல்களைத் தீர்த்துவிட முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சாப்பலை நேருக்கு நேர் சாப்பலால் எதிர்ப்பதைவிட அது சில நேரம் எளிது.

இதே வகையில் வந்த மற்ற ஆட்டங்களிலும் அடிப்படை மாறவில்லை, அளவுதான் மாறுகிறது. ஸ்டார் ரெல்ம்ஸில் எட்டு ஸ்கவுட், இரண்டு வைப்பர் என்ற பலவீனமான சீட்டுகளோடு தொடங்குவீர்கள். மெஷின் கல்ட் என்ற பிரிவின் சீட்டுகள் அவற்றை எறிய உதவும். அங்கே புள்ளிச் சீட்டு என்ற சுமை கிடையாது, எதிராளியின் உயிர்ப்புள்ளியை அடித்துத் தீர்த்தால் வெற்றி, அதனால் மெலிந்த கட்டு கடைசி வரை மெலிந்தே இருக்கும். ஆனால் வாங்கும் வரிசை ஆட்டத்தின் நடுவே மாறிக்கொண்டே இருப்பதால், எறியும் சீட்டு வந்தால்தான் உண்டு. முதல் முறையிலேயே திட்டம் போட முடியாது. டொமினியனில் பத்து வகையும் தொடக்கத்திலேயே கண்முன் இருக்கின்றன. அடுத்த ஆட்டத்தில் முதல் சீட்டை வாங்குவதற்கு முன் அந்தப் பத்தில் எறிய உதவுவது எது, எறிந்த பிறகு கட்டை இழுத்து நிறுத்துவது எது என்று இரண்டையும் தேடுங்கள். இரண்டும் இருந்தால் நண்பருக்கு முன்பே சாப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது மட்டும் இருந்தால் எஸ்டேட்டையும் சில காப்பரையும் எறிந்து, சில்வரும் கோல்டுமாகச் சேர்த்து 8-ஐப் பிடியுங்கள். 12 சீட்டில் 40 சதவீதமும் 8 சீட்டில் 64 சதவீதமும் வந்தது அப்படிப்பட்ட கட்டில்தான்.